வாழைப்பூவும் தண்டும் உணவாதல்

வடநாட்டு நகரங்களில் குடியேறியுள்ள தென்னாட்டுக் குடும்பங்களை அண்டை வீட்டார் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தோட்டத்து வாழையில் குலையை வெட்டியபின், கீழே கிடக்கும் பூவையும், அடிமரத்தின் உள்ளிருக்கும் வெண்மையான தண்டையும் எடுத்துச் செல்கிறீர்களே, அவற்றை உண்ணலாமா என்பதே அக்கேள்வி. வங்காளத்திலும் அசாமிலும் கேரளத்திலும் கன்னட நாட்டிலும் இவ்வையம் எழுவதில்லை. வங்காளிகள் பூவை மோச்சா என்றும், தண்டைத் தோர் என்றும் பெயரிட்டுக் காய்கறிக் கடையில் விலை கொடுத்து வாங்குகின்றனர். ஆனால் வாழை பெருவாரியாக விளையும் மகாராஷ்டிரத்து ஜல்காவ் போன்ற இடங்களிலேயே, குலை வெட்டிய மரங்களிற் பெரும்பகுதி வயலிற் கிடந்து மக்கிப் போகிறது.

இரண்டும் உண்ணத்தக்கவையே. நஞ்சு எதுவும் அவற்றில் இல்லை. எனினும், முதன்முறை சமைத்துப் பார்ப்பவர்களிற் பலர் மறுமுறை அவற்றைத் தொடுவதில்லை. பூவைச் சமைத்தவர் கசக்கிறது என்பார். தண்டைச் சமைத்தவர் நார் தொண்டையில் சிக்குகிறது என்பார். இவ்விரு குறைகளும் ஒரே செடியில் இருப்பினும், இவற்றின் இயல்பு வேறு, நீக்கும் வழியும் வேறு. பூவின் குறை அதன் சாற்றிலே கலந்து கிடப்பது. அதனை மாற்ற வேண்டும். தண்டின் குறை கையால் பிடித்து இழுக்கக்கூடிய இழை. அதனை எடுத்தெறிய வேண்டும். இந்த வேற்றுமை மனத்தில் நின்றால், செய்முறையில் எந்தப் படியைத் தவிர்க்கலாம், எதனைத் தவிர்க்கலாகாது என்பது தானே விளங்கும்.

பூவை முதலில் எடுத்துக்கொள்வோம்.

வாழைக்குலை வெளிவரும்போது முதலில் விரியும் மடல்களுக்கு உள்ளே இருப்பவை பெண் பூக்கள். அவையே சீப்புச் சீப்பாகக் காயாகின்றன. அவற்றுக்குப்பின் நுனியிற் கூம்பாகத் தொங்கிக்கொண்டிருக்கும் பகுதியில் உள்ளவை ஆண் பூக்கள், அவை காயாவதில்லை. நாம் வாழைப்பூ என்று சமைப்பது இப்பகுதியைத்தான். ஆதலின், பூவைப் பறித்தால் காய் குறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. கடைசிச் சீப்பு விரிந்தபின் பூவை ஒடித்துவிடுவது குலை திரள்வதற்கு நல்லதென்று உழவர்களே அதனை நீக்கிவிடுகின்றனர்.

பூவைச் சுவைத்தவர்கள் கசப்பு என்று சொல்வதை நாம் சற்று ஆராய வேண்டும். தமிழில் அறுசுவைகளுள் கசப்பு ஒன்று, துவர்ப்பு வேறொன்று. பாகற்காயின் சுவை கசப்பு. கடுக்காயும் பாக்கும் நாவை இழுத்துப் பிடிப்பது துவர்ப்பு. வாழைப்பூவில் மிகுந்திருப்பது துவர்ப்பே. டானின் என்று வேதியியலார் கூறும் பொருள்கள் நம் உமிழ்நீரில் உள்ள புரதத்தோடு கூடி அதனைத் திரளச் செய்கின்றன. வழுவழுப்பு நீங்கிய நாக்கு வறண்டு இறுகியதுபோல் தோன்றுகிறது. உமிழ்நீரின் புரதத்தை நாடுகின்ற அப்பொருளுக்கு முன்கூட்டியே வேறொரு புரதத்தைக் கொடுத்துவிட்டால், நாக்கை அது அவ்வளவாகத் தாக்காது. நம் பாட்டிமார் நறுக்கிய பூவை மோரில் போட்டதன் பயன் இதுதான். மோரில் உள்ள பாற்புரதம் துவர்ப்பொருளைப் பிடித்துக்கொள்கிறது.

மோர் மற்றொரு வேலையும் செய்கிறது. நறுக்கிய வாழைப்பூவைக் காற்றுப்பட வைத்தால், சில நிமிடங்களிலேயே பழுப்பேறிப் பின்னர்க் கறுத்துப் போகும். பூவின் உள்ளே தனித்தனி அறைகளில் அடங்கியிருந்த துவர்ப்பொருளும் நொதியும், கத்தி பட்டவுடன் ஒன்றாகக் கலந்து காற்றோடு சேர்வதால் இது நிகழ்கிறது. மோரின் புளிப்பு அந்த நொதியின் வேகத்தைத் தணிக்கிறது. நீரில் மூழ்கியிருப்பதால் காற்றும் குறைவாகவே படுகிறது. கறுத்த பூ கெட்டுப்போன பூ அன்று, உண்டால் தீங்கில்லை. ஆயினும் இலையில் பரிமாறினால் யாரும் விரும்பி உண்ணார்.

இரும்பு அரிவாள்மனையில் நறுக்கினாலும், இரும்புச் சட்டியில் வதக்கினாலும் பூ மேலும் கறுக்கும். முற்காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து எழுதும் மை காய்ச்சியதை நேயர்களில் முதியோர் அறிவர். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. அந்த மை பொரியலில் வேண்டாம் என்றால், துருப்பிடிக்காத எஃகுக் கத்தியையும் அத்தகைய பாத்திரத்தையுமே கையாள வேண்டும்.

இனி, நடுத்தரமான ஒரு பூவை எடுத்து, பருப்புசிலி செய்யும் அளவுக்கு அதனைப் பக்குவப்படுத்துவோம். நால்வருக்கு அது போதும்.

பூவைத் தொடுமுன், ஒரு பாத்திரத்தில் ஒரு லிட்டர் நீர் விட்டு, ஒரு கரண்டி புளித்த தயிரும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நறுக்கி முடித்தபின் மோர் கரைக்கப் போனால், அதற்குள் பூ நிறம் மாறிவிடும். இரு கைகளிலும் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொள்ள வேண்டும். வாழையின் பிசின் நீரில் கரையாது. எண்ணெய் பூசிய விரலில் ஒட்டாது. துணியில் அக்கறை பட்டால் பெரும்பாலும் போவதே இல்லை என்பதால், நல்ல புடவையோடு இவ்வேலையில் அமர்வது கூடாது.

வெளிமடல்களை ஒவ்வொன்றாக நீக்க, ஒவ்வொரு மடலின் அடியிலும் இரண்டு வரிசையாகப் பூக்கள் இருக்கும். மடல் நார் மிகுந்தது, அதனை எறிந்துவிடலாம். ஒவ்வொரு பூவிலும் இரண்டு உறுப்புகளைக் களைய வேண்டும். ஒன்று, நடுவே நிற்கும் விறைப்பான காம்பு. தீக்குச்சியைப் போலத் தலை தடித்திருக்கும். கள்ளன் என்று அதற்கு நம் வீடுகளில் பெயர். எவ்வளவு வேகவைத்தாலும் அது மெல்லியதாகாது. மற்றொன்று, பூவின் அடியில் ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும் கண்ணாடித் தாள் போன்ற சிறு செதில். இதுவும் வேகாமல் வாயில் தட்டும். ஒரு மடலின் பூக்களை ஒரு கொத்தாகப் பிடித்து, நுனிகளை உள்ளங்கையில் தேய்த்தால் இதழ்கள் விரியும், கள்ளன்கள் தலைநீட்டும். அப்போது அவற்றை எளிதில் உருவலாம். இதில் சோம்பல் கூடாது. வாழைப்பூ வேகவில்லை என்று அடுப்பைக் குறை கூறுவோரின் சட்டியில் பெரும்பாலும் கிடப்பது நீக்கப்படாத கள்ளனே.

உள்ளே செல்லச் செல்ல மடல் வெளிறிக்கொண்டே வரும், பூவும் சிறுக்கும். மடல் வெண்மையாகி, கள்ளன் நூல்போல் மெலிந்து, நகத்தால் கிள்ளினால் முறியும் நிலை வந்ததும் உரிப்பதை நிறுத்திவிடலாம். எஞ்சிய கூம்பை அப்படியே நறுக்கலாம். அப்பகுதியே பூவில் மிக இளையது.

நறுக்கிய ஒவ்வொரு பிடியையும் உடனுக்குடன் மோரில் அமிழ்த்த வேண்டும். மிதப்பவற்றை ஒரு சிறு தட்டால் அழுத்தி வைத்தல் நலம். அரைமணி நேரம் கழித்து அம்மோரைப் பார்த்தால், வெண்மை போய்ப் பழுப்பு நிறம் ஏறியிருக்கும். அதனை வடித்துப் பூவைப் பிழிந்து, ஒரு பிடி மஞ்சள்தூளில் கால் பங்கும் தேவைப்படாது, ஒரு சிட்டிகை மட்டும் சேர்த்து, உப்பும் சிறிது நீரும் விட்டு வேகவைக்க வேண்டும். பத்து நிமிடங்களுக்குள் விரலால் நசுக்கினால் நசுங்கும் பதம் வந்துவிடும்.

புளி சேர்ப்பவர்கள் இப்பதம் வந்தபிறகே புளிநீரை விட வேண்டும். தொடக்கத்திலேயே புளி விட்டால் பூ விறைப்பாகவே நின்றுவிடும். புளிப்பு, காய்கறியின் திசுக்கள் இளகுவதைத் தாமதப்படுத்தும். துவர்ப்பை மறைப்பதற்காகப் புளியை மிகுதியாகச் சேர்க்கும் வழக்கமும் நமக்கு உடன்பாடானதன்று. புளி துவர்ப்பைப் போக்குவதில்லை. அதன்மேல் வேறொரு சுவையை ஏற்றுகிறது, அவ்வளவே. துவர்ப்பைத் தணிக்க வல்லது புரதம். பருப்போடு வாழைப்பூவைச் சேர்க்கும் மரபு அதனாலும் பொருத்தமாகிறது.

அரைக் கிண்ணம் துவரம்பருப்பை ஒருமணி நேரம் ஊறவைத்து, நான்கு மிளகாய்வற்றலும் பெருங்காயமும் உப்பும் சேர்த்து நீர் அதிகம் விடாமல் கரகரப்பாக அரைத்து, இட்டலித் தட்டில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வேகவைக்க வேண்டும். ஆறியபின் உதிர்த்துக்கொண்டு, நான்கு கரண்டி எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, உதிர்த்த பருப்பை முதலில் வதக்கி, நீர் ஒட்டப் பிழிந்த பூவைப் பின்னர்ச் சேர்த்துக் கிளற வேண்டும். பூவில் நீர் நின்றால் உசிலி உதிராது, களியாகும்.

எல்லாப் பூவும் மோருக்கு அடங்கிவிடும் என்று நாம் கூறவில்லை. வாழை இனத்துக்கு இனம் துவர்ப்பின் அளவு மாறும். சிலவற்றில் உண்மையான கசப்பும் உண்டு. இதனை அறியக் கள்ளன் நீக்கிய ஒரு பூவைப் பச்சையாக மென்று பார்த்தலே தக்க சோதனை. நாக்கு இறுகிச் சிறிது நேரத்தில் தெளிந்தால் மோரே போதும். அடிநாக்கில் கசப்பு தங்கி நின்றால் வங்காளத்து முறைக்குப் போக வேண்டும். அவர்கள் நறுக்கிய பூவை உப்பும் மஞ்சளும் கலந்த நீரில் இரவு முழுவதும்கூட ஊறவைத்து, பின்னர் வேகவைத்து, வெந்த நீரை முற்றும் கொட்டிவிட்டுப் பூவை மசித்துக்கொள்கின்றனர். அதனோடு உருளைக்கிழங்கும் தேங்காயும் கொண்டைக்கடலையும் கரம் மசாலாவும் சேர்த்துச் செய்வதே மோச்சார் கொண்டோ என்னும் அவர்களுடைய புகழ்பெற்ற கறி. நம் முறை துவர்ப்பைக் கட்டுகிறது. அவர்கள் முறை அதனைக் கரைத்து வெளியேற்றுகிறது. நீரோடு நீரில் கரையும் உயிர்ச்சத்துகளும் பூவின் மணமும் ஓரளவு போய்விடும் என்பதால், எளிய துவர்ப்புள்ள பூவுக்கு இம்முறை வேண்டுவதில்லை.

தண்டுக்கு வருவோம். நாம் மரம் என்று வழங்குவது உண்மையில் மரமன்று. இலைகளின் அடிமட்டைகள் ஒன்றையொன்று இறுகத் தழுவி நிற்பதே அந்தத் தூண். செடியின் உண்மையான தண்டு நெடுங்காலம் மண்ணுக்குள் கிழங்காகவே இருந்து, பூக்கும் பருவம் வந்தபின்தான் மட்டைகளின் நடுவே மேலேறிக் குலையைத் தாங்குகிறது. எனவே பூக்காத வாழையை வெட்டினால் நடுவில் இலைச்சுருளே இருக்கும். நாம் தேடும் தண்டு கிடைக்காது. குலை தள்ளிய வாழை மறுமுறை காய்க்காது ஆதலின், குலையை அறுத்த அன்றே அதனை வெட்டித் தண்டை எடுப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை. நாட்கள் செல்லச் செல்லத் தண்டு முற்றும்.

மட்டைகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போனால், ஓரிடத்தில் தனியே பிரியும் பட்டை இல்லாமற்போகும். எஞ்சும் உருண்டையான, வழுவழுத்த வெண்தண்டே உணவாவது. பட்டை ஒன்று மிச்சமிருந்தாலும் அது மென்றால் சக்கையாகும். தண்டு இளையதா என்பதை அறிய, ஒரு வில்லையை நறுக்கி நகத்தால் அழுத்திப் பார்க்கலாம். நகம் எளிதில் இறங்கிச் சாறு கசிந்தால் இளையது. நடு மஞ்சளித்து, இறுகிக் கயிறுபோல் இருந்தால் முற்றியது. அதைப் பொரியலுக்கு வைத்துக்கொண்டு வருந்த வேண்டாம், இடித்துச் சாறு பிழியவே அது தகும்.

தண்டின் நார் எங்கே இருக்கிறது? அடியிலிருந்து குலைக்கு நீரைக் கொண்டுசெல்லும் நுண்குழாய்கள் தண்டின் நீளவாக்கில் ஓடுகின்றன. அவற்றின் சுவரில் சுருள்வில்லைப்போல் ஓர் இழை சுற்றியிருக்கிறது. தண்டை முறிக்கும்போது வெள்ளிக் கம்பிபோல் நீண்டு வருவது இச்சுருள் பிரிந்த இழையே. இஃது எத்தனை நேரம் கொதித்தாலும் கரையாது. ஆகவே வேகவைத்து நாரைப் போக்கலாம் என்று நினைப்பது வீண்.

தண்டைக் குறுக்கே வில்லைகளாக நறுக்க வேண்டும். ஒவ்வொரு வில்லையும் அறுபட்டு விலகும்போது, இரண்டு வெட்டு முகங்களுக்கும் இடையே நார் பாலம்போல் நீளும். அதனை ஆட்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு அடுத்த வில்லையை நறுக்க வேண்டும். ஓரடித் தண்டு நறுக்கி முடிவதற்குள் விரலில் ஒரு சிறு பஞ்சுத் திரியே சேர்ந்துவிடும். பின்னர் நான்கைந்து வில்லைகளை அடுக்கிப் பொடியாக அரிந்து, பூவுக்குக் கூறிய அதே நீர்மோரில் போட வேண்டும். இங்கே மோரின் வேலை நிறத்தைக் காப்பதே. தண்டில் துவர்ப்பு மிகக் குறைவு. அதன்பின் ஒரு துடைப்ப ஈர்க்கை நன்றாகக் கழுவி, அல்லது சிறு மத்தை எடுத்து, மோருக்குள் ஒரே திசையில் சுழற்றினால், விரலுக்குத் தப்பிய நாரெல்லாம் அதில் சுற்றிக்கொண்டு வரும். இரண்டு மூன்று முறை சுழற்றி, இனி நார் வரவில்லை என்று கண்டபின் நிறுத்தலாம். இயந்திரத்தில் துருவுவதும் நீளவாக்கில் அரிவதும் கூடாது. நாரைப் பிரித்தெடுக்க வாய்ப்பின்றி அதனை உணவோடு கலந்துவிடும்.

வங்காளத்தில் அரிந்த தண்டில் உப்பைப் பிசறிச் சிறிது நேரம் வைத்துப் பிழிகின்றனர். தண்டு பெரும்பாலும் நீரே ஆனபடியால் உப்பு அந்நீரை இழுத்துவிடும்; கறி சட்டியில் நீர்விட்டுக் குழையாது. அவ்வாறு பிழிந்தவர் பின்னால் உப்புப் போடும்போது கையை அடக்க வேண்டும். பிழியாதவர்களுக்கும் இது பொருந்தும்: பச்சையாகச் சட்டி நிறைய இருக்கும் தண்டு வெந்தபின் பாதியாகச் சுருங்கும், முதலில் பார்த்த அளவுக்கு உப்பிட்டவர் கரிப்பைத்தான் உண்பார். கால் கிண்ணம் பயத்தம்பருப்பை ஊறவைத்துச் சேர்த்து, மஞ்சளோடு பத்து நிமிடம் வேகவைத்து, உப்பும் தாளிதமும் தேங்காய்த் துருவலும் கடைசியில் இடுவது நல்ல முறை. இளந்தண்டைப் பச்சையாகவும் உண்ணலாம். கன்னட நாட்டில் ஊறிய பயத்தம்பருப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கோசம்பரியாக அதனைச் செய்கின்றனர்.

உண்ணத்தகாத தண்டும் ஒன்று உண்டு. மட்டையில் சிறு துளைகளும் அவற்றிலிருந்து கசிந்து உறைந்த பிசினும் காணப்பட்டால், அம்மரத்தில் தண்டுக்கூன்வண்டு புகுந்திருக்கிறது. உள்ளே கருநிறச் சுரங்கங்கள் ஓடியிருந்தால் தண்டை எறிந்துவிட வேண்டும். அதைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. இவ்வண்டை ஒழிக்க அடிமரத்துக்குள்ளும், காயைக் கெடுக்கும் பூச்சிகளுக்காகப் பூமொக்குக்குள்ளும் பூச்சிமருந்தை ஊசி வழியே செலுத்தும் வழக்கம் வணிகத் தோட்டங்கள் சிலவற்றில் உண்டு. அத்தகைய மருந்தை மோரும் உப்புநீரும் நீக்கிவிடும் என்று எண்ணலாகாது. தோட்டத்திலிருந்து நேரே வாங்குவோர் ஊசி போட்ட மரமா என்று கேட்டறிந்து வாங்க வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் மருந்திட்டவர் அந்த மரத்தின் பூவையும் தண்டையும் விட்டுவிட வேண்டும்.

தண்டின் சாறு சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்னும் நம்பிக்கை நாடெங்கும் பரவியுள்ளது. எலிகளிடம் இதுபற்றிச் சில சோதனைகள் நடந்துள்ளன; மருத்துவரின் சிகிச்சைக்கு மாற்றாக அதனைக் கொள்ளும் அளவுக்கு மனிதரிடம் சான்று இல்லை. சாற்றில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் தளர்ந்து, பொட்டாசியத்தைக் குறைக்குமாறு மருத்துவர் பணித்துள்ளவர்களுக்கு நாள்தோறும் ஒரு குவளைத் தண்டுச்சாறு என்பது நன்மைக்குப் பதிலாக இதயத்துக்கே ஊறு விளைவிக்கக்கூடும். அவர்கள் மருத்துவரைக் கேளாமல் அதனை அருந்தலாகாது.

வாங்கிய அன்றே சமைக்க இயலாதவர்கள் தண்டை உள்மட்டை ஒன்றோடு விட்டு, ஈரத் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைக்கலாம். சமைக்கும்போது பழுப்பேறிய இரு முனைகளையும் ஒரு விரற்கடை அளவு அரிந்து தள்ளிவிட வேண்டும். பூவையும் மடல் பிரிக்காமல் முழுதாகவே வைக்க வேண்டும். அதன் வெளிமடல் வாடினால் கவலையில்லை. உள்ளே இருப்பது மூன்று நான்கு நாட்கள்வரை பழுதின்றி இருக்கும்.